அரபுப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி: இப்னு கல்தூன் பெயரை வைத்து ஒரு முழு வழிகாட்டி

வலீயுத்தீன் அபூ ஸைத் அப்துர்ரஹ்மான் பின் முஹம்மத் பின் முஹம்மத் பின் கல்தூன் அல்ஹள்ரமீ அல்இஷ்பீலீ அத்தூனிஸீ அல்மாலிகீ.

இது ஒரே ஆளின் பெயர். நாம் இப்னு கல்தூன் என்று சுருக்கமாக அழைக்கும் வரலாற்றாசிரியர்தான். 1332-இல் தூனிஸில் பிறந்து 1406-இல் கெய்ரோவில் இறந்தவர். மொழிபெயர்ப்பு நூல்களுக்குப் பெயரடைவு தயாரிக்கும் வேலையில், புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கொடுக்கும் பெயர் இது. பெரும்பாலோர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒவ்வொரு சொல்லாகப் பொருள் பார்த்துக்கொண்டே போவார்கள். "பின்" வரும் இடத்தில் தந்தை, கடைசியில் ஊர் என்று எழுதி முடிப்பார்கள். அப்படிப் போனால் இந்த ஒரு பெயரிலேயே மூன்று இடங்களில் தவறு வரும். பெயர் எழுதப்பட்டிருக்கும் வரிசை வேறு, அதைப் பிரிக்க வேண்டிய வரிசை வேறு. பிரிக்கும் வரிசையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது முழுப்பெயர். "இப்னு கல்தூன்" என்ற சுருக்கத்தை வைத்துக்கொண்டு எதையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் அதில் அவருடைய சொந்தப் பெயரே இல்லை. வாழ்க்கை வரலாற்று அகராதிகளிலோ அவருடைய நூலின் முன்பக்கத்திலோ இருக்கும் நீண்ட வடிவத்தைத் தேடி எடுங்கள். நூலுக்கு நூல் அது கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கும். கிடைப்பதில் நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இறந்த ஆண்டு. ஒரே பெயர் பலருக்கு இருப்பது அரபு மரபில் சாதாரணம். பெயரின் எல்லா உறுப்புகளும் ஒத்துப்போகும் இருவர்கூட உண்டு. நான்காம் படியில் அப்படி ஒரு சோடி வருகிறது. அங்கே ஆண்டுதான் கைகொடுக்கும்.

மூன்றாவது, ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள். இஸ்ம் என்பது பிறந்தபோது வைத்த சொந்தப் பெயர். நஸப் என்பது "பின்", "இப்னு", பெண்ணானால் "பின்த்" என்று வரும் தந்தைவழித் தொடர். குன்யா என்பது "அபூ" அல்லது "உம்மு" சேர்த்து, இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் என்று அழைக்கும் பெயர். நிஸ்பா என்பது ஊர், குலம், மத்ஹப் எனப்படும் இஸ்லாமியச் சட்டப்பள்ளி போன்ற ஏதோ ஒன்றோடு ஆளைச் சேர்த்துச் சொல்லும், "ஈ" என்று முடியும் சொல். லகப் என்பது சிறப்புப் பெயர், பட்டம் அல்லது பட்டப்பெயர். கட்டங்களை இதே வரிசையில் போடுங்கள். நிரப்புவதும் இதே வரிசையில்தான்.

## 2. பிரிப்பதற்கு முன் சேர்த்துக் கட்டுங்கள்

பிரிக்கும் வேலையின் முதல் படி சேர்ப்பது என்றால் விநோதமாகத் தோன்றும். ஆனால் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. அரபுப் பெயரில் சில சொற்கள் தனியே நிற்காது. அடுத்த சொல்லோடு சேர்ந்தால்தான் பெயராகும். பென்சிலால் அவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

"அப்து" என்றால் அடியான். யாருடைய அடியான் என்பது அடுத்த சொல்லில் இருக்கிறது. அப்துர்ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடியான். இதை "அப்துல்" என்றும் "ரஹ்மான்" என்றும் இரண்டாக்கி, ரஹ்மானைத் தந்தை பெயராக அடைவில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "அப்துல்" என்பது "அப்து" என்ற சொல்லும் "அல்" என்ற அடைசொல்லும் ஒட்டியது மட்டுமே. அது பெயரே அல்ல.

"தீன்" என்று முடியும் பெயர்களும் இப்படித்தான். வலீ, ஸலாஹ், நஜ்ம், ஷம்ஸ் என்று எது முன்னால் வந்தாலும் "தீன்" வரைக்கும் ஒரே வட்டம். "அபூ ஸைத்" ஒரே வட்டம். "பின்" என்பதையும் அதற்கு அடுத்த பெயரோடு சேர்த்தே வட்டம் போடுங்கள்.

அப்துல் ரஹ்மான், அப்துர் ரஹ்மான், அப்துர்ரஹ்மான் மூன்றும் ஒரே பெயர் என்பதையும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "அல்" என்பதிலுள்ள லகரம் ர, த, ஸ, ஷ, ந போன்ற ஒலிகளுக்கு முன்னால் அந்த ஒலியாகவே மாறி ஒலிக்கும். எழுத்தில் லகரம் அப்படியே இருக்கும். அதனால்தான் மேலே ஊர்ப்பெயர் "அல்தூனிஸீ" என்றில்லாமல் "அத்தூனிஸீ" என்று வந்திருக்கிறது. ஒரு நூல் முழுக்க ஒரே முறையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் அடைவில் மூன்று இடங்களில் நிற்பார்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. "பின்" என்பது நமக்குப் "பிறகு" என்றும் பொருள் தரும். "முஹம்மத் பின் அஹ்மத்" என்று நான் எழுதிக் கொடுத்ததை மெய்ப்புப் பார்த்தவர் "முஹம்மதுக்குப் பின் அஹ்மத்" என்று திருத்திவிட்டார். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். மகன் தந்தைக்கு முன்னால் ஆட்சிக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது அந்த வாக்கியம். மெய்ப்புப் பார்ப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## 3. இஸ்மைக் கண்டுபிடியுங்கள்

வட்டங்கள் போட்டாயிற்று. இப்போது முதல் "பின்" எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்குச் சற்று முன்னால் நிற்கும் வட்டம்தான் இஸ்ம். நம் பெயரில் அது அப்துர்ரஹ்மான்.

ஏன் பெயரின் முதல் சொல்லிலிருந்து தொடங்கக் கூடாது? பட்டமும் குன்யாவும் இஸ்முக்கு முன்னால் வந்து நிற்பதால்தான். "வலீயுத்தீன்" முதலில் நிற்கிறது. ஆனால் அவருடைய தாய் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க முடியாது. அது நடுவயதில் வந்த பட்டம். "பின்" என்ற சொல்லோ "மகன்" என்று சொல்வதால், மகன் யார் என்ற கேள்விக்கு விடை அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். அந்த ஓர் இடம் உறுதியானால் மற்ற உறுப்புகள் அதற்கு முன்னும் பின்னுமாகத் தாமாகவே பிரிந்து நிற்கும்.

ஸலாஹுத்தீன் அய்யூபியை எடுத்துக்கொள்ளுங்கள். அல்மலிக் அந்நாஸிர் ஸலாஹுத்தீன் அபுல் முளஃப்பர் யூஸுஃப் பின் அய்யூப். முதல் "பின்"னுக்கு முன்னால் நிற்பது யூஸுஃப். அதுதான் அவர் பெயர். உலகம் முழுக்க அவரைப் பட்டத்தால் மட்டுமே அறிந்திருக்கிறது. அவருடைய தந்தையை நூல்கள் நஜ்முத்தீன் அய்யூப் என்று எழுதும். அங்கேயும் அய்யூப்தான் இஸ்ம்.

இந்த விதி உதவாத இடம் ஒன்று உண்டு. சிலருக்குக் குன்யா வடிவமே இஸ்மாக வைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் "அபூ பக்ர்" என்பதைச் சொந்தப் பெயராகவே பலருக்கு வைத்தார்கள். ஆனால் முதல் கலீஃபா அபூ பக்ருக்கு அது குன்யாதான். அவருடைய இஸ்ம் அப்துல்லாஹ். எனவே முதல் "பின்"னுக்கு முன்னால் "அபூ" என்று தொடங்கும் வட்டம் நின்றால், உடனே இஸ்ம் கட்டத்தில் எழுதாமல் வேறொரு நூலையும் பாருங்கள்.

## 4. நஸபை எண்ணுங்கள், கடைசிப் பெயரை நம்பாதீர்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"பின் முஹம்மத் பின் முஹம்மத் பின் கல்தூன்" என்பதைத் தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்று எழுதிவிடத் தோன்றும். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு. இப்னு கல்தூன் தன்வரலாற்று நூலில் தன் நஸபைத் தானே தருகிறார். தந்தை முஹம்மத், அவர் தந்தை முஹம்மத், அவர் தந்தையும் முஹம்மத். பிறகு அல்ஹஸன், முஹம்மத், ஜாபிர், முஹம்மத், இப்ராஹீம், அப்துர்ரஹ்மான். அதன் பிறகு பத்தாவதாகத்தான் கல்தூன். குடும்பப் பெயராகிவிட்ட முன்னோரின் பெயர், இடையிலுள்ள ஏழு தலைமுறைகளைத் தாண்டி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. இந்தப் பத்துப் பேரும் போதாது, இன்னும் அதே அளவு பெயர்கள் விடுபட்டிருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினான அந்தலூஸுக்குள் குடும்பத்தில் முதலில் வந்தவர் கல்தூன். அவர் வந்தது முஸ்லிம்கள் அதை வென்ற தொடக்க காலத்தில் என்றால் இடையில் சுமார் 700 ஆண்டுகள். நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை என்றால் இருபது பேராவது இருக்க வேண்டும். தன் குடும்பத்தின் நஸபையே இப்படிச் சோதித்துப் பார்த்தவர் அவர். நீண்ட நஸபு எதைப் பார்த்தாலும் நான் செய்வதும் இதே கணக்குதான். மூத்தவர் வாழ்ந்த காலம் தெரியுமானால் ஆண்டுகளை 33-ஆல் வகுத்துப் பாருங்கள். பெயர்கள் பாதிக்கும் குறைவாக இருந்தால், இடையில் ஆட்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பு எழுதுங்கள்.

எனவே நஸப் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் சங்கிலித்தொடராக வரும் தந்தையும் பாட்டனாரும்; இன்னொன்றில் குடும்பத்துக்குப் பெயர் தந்த முன்னோர். அந்த முன்னோர் எப்போதும் ஆணாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அலீ அவர்களின் மகன் ஒருவர் முஹம்மத் இப்னுல் ஹனஃபிய்யா என்று அறியப்படுகிறார். ஹனஃபிய்யா அவருடைய தாய். ஹனீஃபா குலத்துப் பெண் என்று பொருள். தந்தை பெயர் என்று அதை எழுதினால் தவறாகிவிடும்.

அரபு எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு தடயம் கிடைக்கும். மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் வரும்போது "இப்னு" என்பதன் முதலெழுத்தான அலிஃப் எழுதப்படுவதில்லை. அடுத்து வருவது தந்தையின் பெயராக இல்லாமல் தாயின் பெயராகவோ தொலைவிலுள்ள முன்னோரின் பெயராகவோ இருந்தால் அலிஃபை எழுதுவது இலக்கண விதி. வரியின் தொடக்கத்தில் வந்தாலும் அலிஃப் இருக்கும். படியெடுத்தவர்கள் எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கவில்லை. ஆகவே அலிஃப் இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லை என்பதற்காக உறுதிகொள்ளாதீர்கள்.

முன்பு சொன்ன சோடிக்கு வருகிறேன். மெய்யியலாளர் இப்னு ருஷ்தின் பெயர் அபுல் வலீத் முஹம்மத் பின் அஹ்மத். அவருடைய பாட்டனாரின் பெயரும் அபுல் வலீத் முஹம்மத் பின் அஹ்மத். குன்யா, இஸ்ம், தந்தை பெயர், குடும்பப் பெயர், ஊர் எல்லாமே ஒன்று. இருவரும் ஸ்பெயினிலுள்ள குர்துபாவில் நீதிபதியாக இருந்தவர்கள். பாட்டனார் இறந்ததும் பேரன் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1126. பேரன் இறந்தது 1198-இல். அரபு நூல்கள் ஒருவரை "அல்ஜத்" அதாவது பாட்டனார் என்றும், மற்றவரை "அல்ஹஃபீத்" அதாவது பேரன் என்றும் சொல்லிப் பிரிக்கும். ஒரு சட்ட நூலில் "இப்னு ருஷ்த் சொன்னார்" என்று வந்தால், எந்த இப்னு ருஷ்த் என்று கேட்காமல் அடைவில் ஏற்றாதீர்கள்.

## 5. குன்யாவை மொழிபெயர்க்காதீர்கள்

"அபூ ஸைத்" என்பதைப் பார்த்ததும், இவருக்கு ஸைத் என்று ஒரு மகன் இருந்தான் என்று எழுதிவிடுவார்கள். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குன்யாவை மட்டும் சான்றாக வைத்துச் சொல்ல முடியாது. பல குன்யாக்கள் இஸ்மோடு மரபாகவே சேர்ந்து வரும். இப்ராஹீம் என்றால் அபூ இஸ்ஹாக். இப்ராஹீம் நபியின் மகன் இஸ்ஹாக் என்பதால். யஹ்யா என்றால் அபூ ஸகரிய்யா. இதில் உறவு தலைகீழாக இருக்கிறது, ஏனென்றால் ஸகரிய்யா நபி யஹ்யா நபியின் தந்தை. பிள்ளையே பிறக்காதவருக்கும் சிறு குழந்தைக்கும்கூடக் குன்யா வைப்பது வழக்கம். அபூ ஹுரைரா என்பதில் வருவது பூனைக்குட்டி.

இன்னொரு இடறல் வேற்றுமை உருபால் வருகிறது. "பின்" என்பதற்குப் பின்னால் வந்தால் "அபூ" என்பது "அபீ" ஆகிவிடும். அபூ தாலிபின் மகன் அலீ, அலீ பின் அபீ தாலிப் ஆகிறார். இரண்டும் ஒரே சொல். அடைவில் "அபீ தாலிப்" என்று புதிதாக ஓர் ஆளை உண்டாக்கிவிடாதீர்கள்; தனியே எழுதும்போது "அபூ" என்றே எழுதுங்கள்.

## 6. நிஸ்பா ஒவ்வொன்றிடமும் "எந்த வகையில்?" என்று கேளுங்கள்

"அல்" என்று தொடங்கி "ஈ" என்று முடியும் சொற்கள் பெயரின் கடைசியில் வரிசையாக நிற்கும். இப்னு கல்தூனுக்கு நான்கு. அல்ஹள்ரமீ என்றால் யமனிலுள்ள ஹள்ரமவ்த்தைச் சேர்ந்தவர். அல்இஷ்பீலீ என்றால் ஸ்பெயினிலுள்ள செவில்லைச் சேர்ந்தவர். அத்தூனிஸீ, தூனிஸ்காரர். அல்மாலிகீ, மாலிகீ மத்ஹபைச் சேர்ந்தவர்.

இதை வைத்து அவர் யமனில் பிறந்து, செவில்லில் வளர்ந்து, தூனிஸுக்கு வந்தார் என்று எழுதினால் எல்லாம் தவறு. பிறந்ததே தூனிஸில். ஹள்ரமவ்த், குலத்தின் வேர். செவில்லில் குடும்பம் பல தலைமுறை வாழ்ந்தது. 1248-இல் அந்நகரம் கஸ்தீலிய அரசின் கைக்குப் போகும் முன்பே அவர்கள் வெளியேறிவிட்டார்கள். இவர் அங்கே போனது 1364-இல், கிரானடா அரசரின் தூதராக. அப்படியும் "இஷ்பீலீ" அவர் பெயரில் நிற்கிறது. நிஸ்பா ஓர் உறவைச் சொல்கிறது. அது குலமா, குடும்பம் வாழ்ந்த ஊரா, தான் வாழ்ந்த ஊரா, தொழிலா, மத்ஹபா என்பதைத் தனியே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஊர்களுக்கு நடுவே "ஸும்ம" என்ற சொல் வந்தால் "பிறகு" என்று பொருள். முதல் ஊரிலிருந்து இரண்டாம் ஊருக்குப் போனதாகக் கொள்ளலாம்.

குலப்பெயர்கூட இரத்த உறவைத்தான் சொல்லும் என்பதில்லை. இமாம் புகாரியின் பெயரில் அல்ஜுஃபீ என்ற அரபுக் குலப்பெயர் இருக்கிறது. அவர் அந்தக் குலத்தில் பிறந்தவர் அல்லர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் அல்முகீரா, ஜுஃபீ குலத்தவர் ஒருவரின் கையால் இஸ்லாத்தைத் தழுவினார். அந்தப் பிணைப்பால் குலப்பெயர் குடும்பத்துக்கு வந்தது.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. "அல்காஹிரீ" என்றால் எல்லோரும் கெய்ரோவைச் சேர்ந்தவர் என்றே எழுதுவார்கள், ஏனென்றால் கெய்ரோவின் அரபுப் பெயர் அல்காஹிரா. ஆனால் காயல்பட்டினத்து ஆலிம்களும் அரபியில் எழுதும்போது தங்களை அல்காஹிரீ என்றே எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் பெயரில் வரும் காஹிரீ காயல்பட்டினம்தான். அவரை எகிப்தியர் என்று எழுதினால் தூத்துக்குடிக் கடற்கரை ஊர் ஒன்றின் அறிஞரை இழந்துவிடுவோம்.

"ஈ" என்று முடிவதெல்லாம் நிஸ்பா அல்ல என்பதையும் கவனியுங்கள். அலீ இஸ்ம். அல்மஹ்தீ பட்டம், நேர்வழி காட்டப்பட்டவர் என்று பொருள். அல்காளீ என்றால் நீதிபதி. சந்தேகம் வந்தால் கடைசி "ஈ"யை நீக்கிப் பாருங்கள். எஞ்சுவது ஊராகவோ குலமாகவோ தொழிலாகவோ ஆளாகவோ இருந்தால் நிஸ்பா. மஹ்தீயில் "ஈ"யை நீக்கினால் அப்படி எதுவும் எஞ்சாது.

## 7. மிஞ்சியது லகப்

லகபைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதற்கென்று தனி வடிவம் கிடையாது. மற்ற நான்கையும் எடுத்த பிறகு மிஞ்சுவதே லகப். அது "தீன்" என்று முடியும் பட்டமாக இருக்கலாம். உடலைக் குறித்த பட்டப்பெயராகவும் இருக்கலாம். எழுத்தாளர் அல்ஜாஹிளின் பெயருக்குப் பிதுங்கிய கண்ணர் என்று பொருள். அவருடைய இஸ்ம் அம்ர்.

ஆட்சிப் பட்டங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்கு அடுத்து ஆட்சிக்கு வந்த அவருடைய மகன்கள் அல்அமீன், அல்மஃமூன், அல்முஃதஸிம். மூன்றும் பட்டங்கள். இஸ்மைப் பார்த்தால் அமீன் முஹம்மத், மஃமூன் அப்துல்லாஹ், முஃதஸிம் மறுபடியும் முஹம்மத். இஸ்மை மட்டும் வைத்து அடைவு போட்டால் சகோதரர் இருவர் ஒருவராகிவிடுவார்கள்.

லகபுக்கு ஒரு தொடக்க நாளும் இருக்கும். "வலீயுத்தீன்" இப்னு கல்தூனுக்கு வந்தது 1384-இல், கெய்ரோவில் மாலிகீ தலைமை நீதிபதியாக அமர்ந்தபோது. அதற்கு முந்தைய அவருடைய வாழ்க்கையை எழுதும்போது அந்தப் பட்டத்தைப் போடாதீர்கள்.

## 8. அடைவுக்கு ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. இப்போது எந்த உறுப்பின் கீழ் ஆளை வைப்பது? அவரை மக்கள் எந்த உறுப்பால் அறிந்தார்களோ அதன் கீழ். இதற்குப் பொது விதி கிடையாது. கஸ்ஸாலியும் புகாரியும் நிஸ்பாவால், இப்னு ஸீனா நஸபால், அபூ ஹுரைரா குன்யாவால், ஸலாஹுத்தீன் லகபால் அறியப்பட்டவர்கள். மேலைநாட்டு வழக்கப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டால் இப்னு கல்தூன் "மாலிகீ" என்ற தலைப்பின் கீழ் போய்விடுவார். அங்கே அவரை யாரும் தேடமாட்டார்கள். அகரவரிசையில் முதலில் வரும் "அல்" என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். "இப்னு", "அபூ" இரண்டையும் கணக்கில் எடுங்கள், ஏனென்றால் அவை பெயரின் பகுதி.

தலைப்புக்கு அடுத்து இஸ்மும் தந்தை பெயரும் இறந்த ஆண்டும் கட்டாயம் வேண்டும். இப்னு கல்தூனுக்கு யஹ்யா என்று ஒரு தம்பி இருந்தார், அவரும் வரலாற்றாசிரியர், அவரும் இப்னு கல்தூன்தான். தந்தை பெயர்கூட ஒன்று. இருவரையும் பிரிப்பது இஸ்ம், குன்யா, ஆண்டு மட்டுமே. தாளில் கடைசியாக எழுத வேண்டிய வரிகள் இப்படி இருக்கும்:

இப்னு கல்தூன், அப்துர்ரஹ்மான் பின் முஹம்மத், அபூ ஸைத், வலீயுத்தீன் (இ. 1406)

இப்னு கல்தூன், யஹ்யா பின் முஹம்மத், அபூ ஸகரிய்யா, இ. 1378/79: மேலுள்ளவரின் தம்பி